சிங்களத்தில் வந்த வருமான வரி அறிவித்தல்: சென்னையில் இருக்கும் அண்ணாவுக்குத் தமிழில் எப்படி எழுதுவது?

தெஹிவளை ரமணி | திங்கள், இரவு 9.10

என் பெரியம்மாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுபவர், 2023 நவம்பர் முடிவு வரை கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்துவிட்டு குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார். வெள்ளவத்தையில் அவருக்கு ஒரு தொடர்மாடி வீடு இருக்கிறது, அதை வாடகைக்கு விட்டிருக்கிறார். போன கிழமை அந்த முகவரிக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுவதும் சிங்களம். யாரோ பதிவு செய்தபோது மொழி என்ற இடத்தில் சிங்களத்தைத் தெரிவு செய்துவிட்டார்கள் போல. அண்ணா யாழ்ப்பாணத்தில் படித்தவர், சிங்களம் பேசுவார், வாசிக்கத் தெரியாது.

வீட்டில் வாடகைக்கு இருப்பவர் கடிதத்தைப் போனில் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினார், அண்ணா எனக்கு அனுப்பினார். நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். வரிப் படிவம் எதையும் இதற்கு முன் நான் மொழிபெயர்த்ததில்லை. அண்ணா அதைச் சென்னையில் அவருடைய ஆடிட்டரிடம் காட்டினார். அவர் திருப்பி எழுதியதைப் பார்த்தால் நான் எங்கேயோ நன்றாகச் சறுக்கியிருக்கிறேன். ஆடிட்டர் சொல்வது இது: அந்த வருடத்தில் வீடு வாடகைக்கே விடப்படவில்லை, உங்களுக்குத் தொழில் எதுவும் இல்லை, எந்தச் சொத்தையும் விற்கவும் இல்லை, ஆகவே நோட்டீஸ் முழுக்கத் தவறு, ஆட்சேபனை போடுங்கள்.

நான் எழுதியதில் முக்கியமான பகுதி இதுதான்:

"மதிப்பீட்டு ஆண்டு 2023/2024. தொழில் வருமானம் 1,600,000. முதலீட்டு ஆதாயம் 1,680,000 (வாடகை 1,080,000, வட்டி 600,000). நிவாரணம் 1,470,000. தவணைகள் 40,000. நிலுவை வரி 100,400. தண்டப்பணம் 20,080. வட்டி ..."

கடைசி வட்டித் தொகையின் மேல் படம் எடுத்தவரின் பெருவிரல் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள மொத்தம் படத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. 30 நாட்களுக்குள் ஏதோ செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

அடையாறு சேகர் | திங்கள், இரவு 9.48

ஆடிட்டர் சொன்னது சரிதான் மேடம். மதிப்பீட்டு ஆண்டு 2023-24 என்றால் அது 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை சம்பாதித்த வருமானம். ஒரு வருஷம் சம்பாதிப்போம், அடுத்த வருஷம் அதை மதிப்பிடுவார்கள். பத்து வருஷமாக எங்கள் கடைக்கு நான்தான் ரிட்டர்ன் போடுகிறேன். அந்த 2023-24க்கு நாங்கள் தாக்கல் செய்த கடைசி நாள் 2023 ஜூலை 31. அப்போது உங்கள் அண்ணன் வீட்டை வாடகைக்கு விடவில்லை என்றால் நோட்டீஸ்தான் தப்பு. ஆட்சேபனை போடச் சொல்லுங்கள்.

புதுக்கடைக்காரர் | செவ்வாய், காலை 6.20

ரமணி, ஆட்சேபனை எதுவும் எழுத விடாதீர்கள், ஒரு நாள் பொறுங்கள். நான் புதுக்கடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், பெரும்பாலும் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழும். இடையிடையே இப்படி வரிக் கடிதங்களும் வரும்.

சேகர் தம்பி சொல்வது இந்தியாவுக்கு முழுக்கச் சரி. ஆனால் இந்தக் கடிதம் இலங்கையிலிருந்து வந்தது. இங்கே மதிப்பீட்டு ஆண்டு என்பது வருமானம் ஈட்டிய அதே ஆண்டுதான். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடியும் பன்னிரண்டு மாதம். அதனால் 2023/2024 என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரை. இந்த இரண்டு வருடத்துக்கும் தமிழில் பெயர் ஒன்றே, அதுதான் தொல்லை. சிங்களத்தில் 'தக்ஸேறு வர்ஷய' என்று இருந்ததை நீங்கள் 'மதிப்பீட்டு ஆண்டு' என்று எழுதியது சொல்லளவில் பிழையே இல்லை. வாசிக்கிறவர் சென்னை ஆடிட்டர் என்பதால் அது ஒரு வருடம் பின்னால் போய் விழுந்துவிட்டது.

கடிதத்துக்குள்ளேயே இதைச் சரிபார்க்கலாம். இரண்டாம் பந்தியில் இறுதிக் கொடுப்பனவு எந்தத் திகதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறதா பாருங்கள். 2024 செப்டெம்பர் 30 என்று இருந்தால் விடயம் முடிந்தது, 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு மிச்ச வரி கட்ட வேண்டிய நாள் அதுதான். விபரத்திரட்டுக்கு 2024 நவம்பர் 30.

தெஹிவளை ரமணி | செவ்வாய், காலை 7.05

ஆமாம் ஐயா, 2024.09.30 என்றுதான் இருக்கிறது! 'ஏதினட ஹோ ஈட பெர' என்று பக்கத்தில். அதை நான் மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டேன், பழைய திகதிதானே என்று நினைத்து.

வீடு வாடகைக்குப் போனதும் 2023 ஏப்ரலில்தான். அப்படியென்றால் கணக்கு ஒத்துவருகிறது.

அடையாறு சேகர் | செவ்வாய், காலை 8.30

அப்படியா, இது எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், எங்கள் பக்கத்திலும் இந்தக் குழப்பத்தை எடுக்கிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம், அதில் முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு இரண்டும் போய் 'வரி ஆண்டு' ஒன்றே. அப்போது யாரும் குழம்ப மாட்டார்கள்.

புதுக்கடைக்காரர் | செவ்வாய், காலை 8.52

பழைய கடிதங்கள் பழைய பெயரோடுதான் வரும் தம்பி, இன்னும் கொஞ்ச வருடம் குழம்புவோம்.

ரமணி, எழுதும்போது இப்படி எழுதுங்கள்: "2023/2024 மதிப்பீட்டு ஆண்டு, அதாவது 2023 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானம்." மூலத்தில் உள்ள சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்ற வேண்டாம். 2023-24 என்று எழுதினால் அங்கே கண் உடனே இந்திய ஆண்டைப் பிடித்துக்கொள்ளும். 'அதாவது' என்று தொடங்கும் பகுதி உங்களுடையது, கடிதத்தில் இல்லாதது. அதை அடைப்புக்குள் போட்டு "மொழிபெயர்ப்பாளர் குறிப்பு" என்று சொல்லிவிடுங்கள்.

மிச்சத்தை இரவு எழுதுகிறேன், கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

ஸ்கார்பரோ தங்கம் | செவ்வாய், காலை 10.15

எனக்கும் இதே பிரச்சினைதான். இங்கே கனடாவில் வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். கொட்டாஞ்சேனை வீட்டு வாடகையை நான் வருடா வருடம் இரண்டாக வெட்டி ஒட்ட வேண்டியிருக்கிறது, ஏப்ரல் முதல் டிசம்பர் ஒரு துண்டு, ஜனவரி முதல் மார்ச் அடுத்த துண்டு. ரமணி, நீங்கள் அந்தப் பணத்தை எப்படிக் கட்டுவது என்றுதானே கேட்கிறீர்கள்? திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே கட்டலாம், என் மருமகன்தான் எனக்குச் செய்து தருகிறான். வரி செலுத்துநர் இலக்கம் கையில் இருக்க வேண்டும்.

தெஹிவளை ரமணி | செவ்வாய், காலை 10.40

நன்றி அக்கா, கட்டுகிற கட்டத்துக்கு இன்னும் வரவில்லை. என்ன கட்டச் சொல்கிறார்கள் என்பதையே சரியாக எழுத முடியாமல் நிற்கிறேன்.

இன்னொன்று. அண்ணா நேற்று போனில் கேட்டார்: "எனக்கு 14 லட்சத்து 70 ஆயிரம் நிவாரணம் தருகிறார்களா? வெள்ளத்தில் நான் ஒன்றும் இழக்கவில்லையே." பகிடிக்குக் கேட்டாரா உண்மையாகவே கேட்டாரா தெரியவில்லை.

மருதானை பஸ்லி | செவ்வாய், பகல் 1.20

ஹாஹா. நான் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் எழுதுவினைஞர், இந்த 'சஹன' என்ற சொல்லை நாங்களும் நிவாரணம் என்றுதான் சொல்வோம். இங்கே யாருக்கும் குழப்பம் வராது. சென்னைக்கு என்றால் 'வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து விலக்கப்படும் தொகை' என்று நீட்டி எழுதிவிடுங்கள் அக்கா, அழகில்லை, ஆனால் யாரும் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த 1,470,000 சரியாகவே இருக்கிறது. அந்த ஆண்டு தனிநபருக்கு 1,200,000. அதோடு வாடகையில் 25 சதவீதம், 1,080,000க்கு 270,000. கூட்டினால் வந்துவிடும். தொகைகளின் காற்புள்ளியை மாற்றாதீர்கள். நாங்கள் 1,200,000 என்று எழுதுவதை அங்கே 12,00,000 என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், ஆனால் மொழிபெயர்ப்பில் ஒரு இடத்தில் இப்படியும் இன்னொரு இடத்தில் அப்படியும் வந்தால் பூச்சியம் விழுந்ததா கூடியதா என்று பார்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

வாடகையில் அந்த எட்டு எட்டுத்தானா? நீங்கள் இங்கே போட்ட படத்தில் எனக்கு 1,030,000 மாதிரியும் தெரிகிறது.

தெஹிவளை ரமணி | செவ்வாய், பகல் 1.45

மடிப்பு சரியாக அந்த இலக்கத்தின் மேல் போகிறது. நானும் யோசித்தேன். மாத வாடகை 90,000 என்று அண்ணா சொன்னதால் எட்டு என்று எழுதினேன்.

புதுக்கடைக்காரர் | செவ்வாய், இரவு 8.30

அண்ணா சொன்னதை வைத்து எண்ணை எழுதக் கூடாது ரமணி. திணைக்களம் பிழையாக 1,030,000 என்று போட்டிருந்தால் உங்கள் மொழிபெயர்ப்பு அந்தப் பிழையை மூடி மறைத்துவிடும், அண்ணாவுக்குச் சாதகமான ஒரு பிழையையோ பாதகமான ஒன்றையோ அவர் பார்க்காமலே போவார். தாளில் என்ன இருக்கிறது என்பதைத் தாளை வைத்தே உறுதி செய்ய வேண்டும். இந்த இடத்தில் அது முடியும். மொத்த மதிப்பீட்டு வருமானம் என்ற வரி தெளிவாக இருக்கிறது, 3,280,000. சம்பளம் 1,600,000, வட்டி 600,000 இரண்டும் தெளிவு. கழித்தால் 1,080,000. மூன்றாக இருந்திருந்தால் மொத்தம் 3,230,000 ஆகியிருக்கும். சரி, எட்டுத்தான்.

இனி வருமான வகைகள். ஆடிட்டர் சொன்ன மூன்றில் இரண்டு குழப்பம் இங்கேதான்.

நம்முடைய சட்டத்தில் வருமானம் நான்கு வகை: ஊழியத்தால் வருவது, வியாபாரத்தால் வருவது, முதலீட்டால் வருவது, ஏனையவை. இந்தியாவில் ஐந்து: சம்பளம், வீட்டுச் சொத்து, வியாபாரம் அல்லது தொழில், மூலதன ஆதாயம், பிற வழிகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டு இணைக்க முடியாது. அண்ணாவின் வாடகை இங்கே முதலீட்டு வருமானம், அங்கே வீட்டுச் சொத்து. வைப்பு வட்டி இங்கே முதலீட்டு வருமானம், அங்கே பிற வழிகள். ஆடிட்டரின் கை தன் பழக்கத்துக்கு அவருடைய ஐந்து பெட்டியைத்தான் தேடும்.

'சேவா நியுக்தி ஆதாயம' என்பதை நீங்கள் 'தொழில் வருமானம்' என்று எழுதினீர்கள். இலங்கையில் அது சரி, நாம் "என்ன தொழில் செய்கிறீர்கள்" என்று கேட்பது வேலையைத்தான். சென்னை வரி உலகில் தொழில் என்றால் சொந்தமாக நடத்துவது. அதனால்தான் "உங்களுக்குத் தொழில் இல்லையே" என்றார். 'சம்பள வருமானம்' என்று எழுதிவிடுங்கள்.

'ஆயோஜன ஆதாயம' இன்னும் மோசம். சிங்களத்தில் 'ஆதாயம' என்றால் வருமானம், அவ்வளவுதான். நீங்கள் ஓசையைப் பிடித்துக்கொண்டு 'முதலீட்டு ஆதாயம்' என்று எழுதிவிட்டீர்கள். தமிழில் ஆதாயம் என்றால் இலாபம். ஆடிட்டர் அதை மூலதன ஆதாயம், அதாவது சொத்து விற்ற இலாபம் என்று வாசித்தார். இந்தப் பொறியில் நானும் விழுந்திருக்கிறேன், புதிதாக வந்த காலத்தில். ஒருவருடைய ஓய்வூதியமே ஆதாயமாகிவிட்டது.

அடையாறு சேகர் | செவ்வாய், இரவு 9.02

அப்போ நேரடியாக "வீட்டுச் சொத்து வருமானம் 1,080,000, பிற வழி வருமானம் 600,000" என்று எழுதிக் கொடுத்தால் ஆடிட்டருக்கு வேலை சுலபமாகுமே? ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

புதுக்கடைக்காரர் | செவ்வாய், இரவு 9.25

ஆடிட்டருக்குச் சுலபம், ஆனால் அது இந்தக் கடிதத்தின் மொழிபெயர்ப்பு இல்லை. நாளை அண்ணா கொழும்புத் திணைக்களத்துக்குப் பதில் எழுதும்போது "வீட்டுச் சொத்து வருமானம் பற்றி" என்று தொடங்கினால் இங்கே அப்படி ஒரு வகையே கிடையாது. 'முதலீட்டு வருமானம்' என்றே வைத்து, உள்ளே வாடகை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கடிதம் பிரித்திருப்பதை அப்படியே பிரித்துக் காட்டினால் போதும். பெட்டி மாற்றுவது ஆடிட்டரின் வேலை, அதற்குத்தான் அவருக்குக் காசு.

மருதானை பஸ்லி | செவ்வாய், இரவு 9.50

நான் இதில் சேகர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நாங்கள் ஒரு துணைத் தாள் வைப்போம், அங்கே இதை எந்த வகையில் பார்ப்பார்கள் என்று. மொழிபெயர்ப்பில் இல்லை, தனியாக. அது இல்லாமல் போனால் நாலு தடவை போன் வரும்.

புதுக்கடைக்காரர் | செவ்வாய், இரவு 10.05

தனித் தாள் என்றால் சரி. என் முத்திரை அதில் விழாது.

கொட்டாஞ்சேனை பாஸ்கரன் | புதன், காலை 6.55

அந்தப் பெருவிரல் விடயத்துக்கு வருகிறேன். இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? தாமத வட்டி மாதம் 1.5 சதவீதம். 2024 ஒக்டோபரிலிருந்து 2025 நவம்பர் வரை பதினான்கு மாதம், 21 சதவீதம். 100,400க்கு 21,084. அதைப் போட்டு மொத்தத்தையும் கூட்டி எழுதிவிடுங்கள். தண்டப்பணம் 20 சதவீதம் சரியாகவே இருக்கிறது பாருங்கள், 20,080.

மருதானை பஸ்லி | புதன், காலை 7.30

பாஸ்கரன் அண்ணன், வீதம் சரி. ஆனால் வட்டிக்கு வட்டி சேர்த்தார்களா, எந்த நாள்வரை எண்ணினார்கள், பாதி மாதத்தை முழு மாதமாக எடுத்தார்களா, இது எதுவும் படத்தில் இல்லை. வட்டிக்கு வட்டி என்று போட்டால் 23,000 தாண்டும். தொகை பிழைத்து, அண்ணா அதை நம்பிக் காசு அனுப்பி, சில நூறு ரூபாய் குறைந்தாலும் நிலுவை தீராமல் மேலும் வளரும்.

புதுக்கடைக்காரர் | புதன், காலை 7.44

நேற்றைய எட்டையும் இந்தத் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டுக்குத் தாளிலேயே சாட்சி இருந்தது. இதற்கு இல்லை, மொத்தமும் வெட்டுப்பட்டுவிட்டது. "வட்டி: படத்தில் தெரியவில்லை" என்று எழுதுவதைத் தவிர வழியில்லை. அதைவிட நல்லது, வாடகைக்கு இருப்பவரை மறுபடியும் படம் எடுக்கச் சொல்வது. மேசையில் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நான்கு மூலையும் தெரிகிற மாதிரி. மூலையைப் பிடிக்க வேண்டாம், ஒரு கரண்டியை வைத்து அழுத்தட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும், உறையையும் சேர்த்து.

தெஹிவளை ரமணி | புதன், காலை 8.10

உறை எதற்கு ஐயா? அவர் எறிந்திருப்பார்.

புதுக்கடைக்காரர் | புதன், பகல் 12.40

30 நாட்களுக்காக. கடிதத்தில் ஒரு திகதி இருக்கிறது, 2025.11.12. உறையில் தபால் முத்திரைத் திகதி வேறாக இருக்கும். கையில் கிடைத்த நாள் மூன்றாவது. இந்த மூன்றையும் கலக்காமல் தனித்தனியாக எழுத வேண்டும்.

நீங்கள் எழுதியதில் "30 நாட்களுக்குள் முறையிட வேண்டும்" என்று மட்டும் இருக்கிறது. எதிலிருந்து 30? யாரிடம்? படத்தில் வாசித்தால், தீர்மானம் உங்களுக்கு அறிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாட்களுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் எழுத்தில் மீளாய்வு கோரலாம் என்று இருக்கிறது. 'அறிவிக்கப்பட்டதிலிருந்து' என்ற சொல்லை 'கடிதத் திகதியிலிருந்து' என்றும் மாற்றாதீர்கள், 'கிடைத்ததிலிருந்து' என்றும் மாற்றாதீர்கள்.

அப்புறம், 'வேண்டும்' இல்லை, 'லாம்'. மீளாய்வு கோருவது அவர் விருப்பம். வரியைக் கட்டுவது விருப்பம் இல்லை. உங்கள் தமிழில் இரண்டும் இடம் மாறி நிற்கின்றன.

கொட்டாஞ்சேனை பாஸ்கரன் | புதன், பகல் 1.15

கடிதத் திகதியிலிருந்துதான் எண்ணுவார்கள். என் தங்கைக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

மருதானை பஸ்லி | புதன், பகல் 1.32

எங்களுடைய ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்த நாளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், பதிவுத் தபால் சீட்டு இருந்ததால். நாட்டில் இல்லாதது, சுகவீனம் போன்ற நியாயமான காரணம் இருந்தால் காலத்தை நீட்டிக் கேட்கவும் இடமிருக்கிறது. ஆனால் அதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் அக்கா, மிகக் குறுகிய கணக்கை வைத்து, டிசம்பர் 12 என்றே அண்ணாவுக்குச் சொல்லுங்கள். இங்கே ஒரு வரி ஆலோசகரைப் பிடிக்கட்டும்.

தெஹிவளை ரமணி | புதன், மாலை 6.50

வாடகைக்கு இருப்பவர் நல்ல மனிதர், உறையைக் குப்பையிலிருந்து எடுத்துத் தந்துவிட்டார்! முத்திரை 19ஆம் திகதி. கையில் கிடைத்தது 27ஆம் திகதி வியாழக்கிழமை என்று அவரே ஒரு வரி எழுதி அனுப்பினார்.

புதுப் படத்தில் வட்டி தெரிகிறது. பாஸ்கரன் அண்ணன் சொன்னதைவிட 2,000 ரூபாய்க்கு மேல் கூட. பின்பக்கத்திலும் ஒரு பந்தி இருந்தது, கட்டும் நாள்வரை வட்டி தொடர்ந்து சேரும் என்று. அதை யாருமே படம் எடுத்திருக்கவில்லை.

ஆனால் அண்ணா நிம்மதியாக இருக்கிறார், "தவணையில் கட்டலாம் என்று நீயே எழுதியிருக்கிறாயே, மாதம் 10,000 கட்டிவிடுகிறேன்" என்கிறார். நான் அப்படி எங்கே எழுதினேன்?

மருதானை பஸ்லி | புதன், இரவு 7.20

"தவணைகள் 40,000" என்று எழுதினீர்களே, அதுதான். அவர் ஏற்கெனவே கட்டிய காலாண்டுத் தவணை அது. 2023 ஓகஸ்ட் 15, நவம்பர் 15 என்று இரண்டு தடவை 20,000 கட்டியிருப்பார், பிறகு ஊரைவிட்டுப் போனதால் பெப்ரவரி, மே தவணைகளை மறந்திருப்பார். அந்த 40,000ஐ ஏலவே கழித்துவிட்டுத்தான் 100,400 வந்திருக்கிறது. கணக்கு இப்படிப் போகிறது: வரி 254,400. அதில் கம்பனி சம்பளத்தில் பிடித்தது 84,000, வங்கி வட்டியில் பிடித்தது 5 சதவீதம் 30,000, இவர் கட்டிய தவணை 40,000. மூன்றையும் கழித்தால் 100,400. இதில் எந்த வரியிலும் இனிமேல் தவணை என்று ஒன்றும் இல்லை.

புதுக்கடைக்காரர் | புதன், இரவு 8.15

'வாரிக' என்ற சொல் பக்கத்தில் வினை எதுவும் இல்லாமல் அட்டவணையில் நிற்கிறது. அட்டவணையை மொழிபெயர்க்கும்போது இதுதான் ஆபத்து, காலம் காட்டும் வினை கிடையாது. சென்னையில் தவணை என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது கடன் மாதத் தவணை. "ஏற்கெனவே செலுத்திய காலாண்டுத் தவணைகள் (கழிக்கப்பட்டுள்ளது)" என்று எழுதுங்கள்.

இதே மாதிரி 'பொலிய', வட்டி. உங்கள் தாளில் இரண்டு இடத்தில் வட்டி வருகிறது. ஒன்று அண்ணாவுக்கு வங்கி கொடுத்தது, மற்றது அண்ணாவிடம் திணைக்களம் கேட்பது. 'வைப்பு வட்டி வருமானம்', 'தாமதக் கொடுப்பனவுக்கான வட்டி' என்று முழுப் பெயரோடு எழுதுங்கள், ஒரு இடத்திலும் வெறும் வட்டி வேண்டாம்.

ஸ்கார்பரோ தங்கம் | புதன், இரவு 9.40

அப்போ தவணையில் கட்டவே முடியாதா? என் அக்காவின் மகனுக்குக் கொடுத்தார்களே.

மருதானை பஸ்லி | புதன், இரவு 9.58

கேட்டால் சில வேளை தருவார்கள் அக்கா, அது தனியாக எழுதிக் கேட்டு வாங்குவது. இந்தக் கடிதம் அப்படி எதையும் கொடுக்கவில்லை. மீளாய்வு கேட்டால் அதுவரை கட்டாமல் இருக்கலாமா என்பதும் வேறு கேள்வி, அதை ஆலோசகரிடம்தான் கேட்க வேண்டும்.

தெஹிவளை ரமணி | வியாழன், காலை 6.30

இரவு இருந்து முழுக்கத் திருப்பி எழுதினேன். கட்ட வேண்டிய பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

"2023/2024 மதிப்பீட்டு ஆண்டுக்கான வரி 254,400. சம்பளத்தில் பிடித்த வரி 84,000, வைப்பு வட்டி வருமானத்தில் பிடித்த வரி 30,000, ஏற்கெனவே செலுத்திய காலாண்டுத் தவணைகள் 40,000 ஆகியவை கழிக்கப்பட்டுள்ளன. 2024 செப்டெம்பர் 30 அன்றோ அதற்கு முன்போ செலுத்தியிருக்க வேண்டிய மிச்ச வரி 100,400. அதைச் செலுத்தாததற்கான தண்டப்பணம் 20,080. தாமதக் கொடுப்பனவுக்கான வட்டி, கடிதத் திகதியான 2025 நவம்பர் 12 வரை." இதற்குப் பிறகு புதுப் படத்தில் உள்ள தொகை. "செலுத்தும் நாள்வரை இந்த வட்டி தொடர்ந்து சேரும் (பின்பக்கம்)."

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று கீழே ஆண்டின் இரண்டு திகதிகளையும், கடிதம், தபால் முத்திரை, கையில் கிடைத்தது ஆகிய மூன்று நாட்களையும் போட்டேன். இதற்கு முத்திரை வேண்டுமா ஐயா?

புதுக்கடைக்காரர் | வியாழன், காலை 7.12

ஆடிட்டர் வாசித்துப் புரிந்துகொள்ள மட்டும் என்றால் வேண்டாம். அங்கே எந்த அலுவலகத்திலாவது ஆவணமாகக் கொடுக்கப் போகிறார் என்றால் வேண்டும். அப்போது மூலத்தைக் கொண்டு வாருங்கள், படத்துக்கு நான் முத்திரை வைப்பதில்லை.

ஒரு திருத்தம். "கடிதத் திகதி வரை" என்று வட்டிக்கு எழுதியிருக்கிறீர்கள். அது தாளில் இருக்கிறதா, நீங்கள் ஊகித்ததா?

தெஹிவளை ரமணி | வியாழன், காலை 7.20

ஊகித்தது ஐயா. எடுத்துவிடுகிறேன்.

தெஹிவளை ரமணி | வெள்ளி, இரவு 8.45

அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன். ஆடிட்டர் இப்போது ஆட்சேபனை என்ற பேச்சையே எடுக்கவில்லை, வாடகைக்கும் வட்டிக்கும் தனியாக ஒரு தாள் தரச் சொல்கிறார், பஸ்லி தம்பி சொன்ன அதே தாள். அண்ணா கொழும்பில் ஒரு வரி ஆலோசகரிடம் பேசப் போகிறார். அண்ணா அவரிடம் கேட்கப் போகும் முதல் கேள்வி, பெப்ரவரித் தவணை கட்டிய பற்றுச்சீட்டு என்று ஒன்று பழைய கோப்பில் கிடக்கிறதாம், அது கணக்கில் வரவில்லை. அதையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பாதி இருட்டில்.